விலையில் சேராத குசினி

நாங்கள் வாங்க நினைத்த வீட்டைச் சோதித்துப் பார்த்த எஞ்சினியரின் அறிக்கை என் கைப்பேசிக்கு வந்தபோது நான் கடையில் ஒரு பெண்ணுக்கு அபாயா விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பிழைகள். சுவரில் ஈரம், கதவு நிலையில் கறையான், ஓடாத மின்விசிறி, வெடித்த கூரைத் தகடு, உப்புப் பூத்த அடிச்சுவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வாங்க வந்தவளுக்குக் கேளாமலே விலையைக் குறைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடையைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிழைப் பட்டியலைப் பார்த்து யாராவது சந்தோசப்படுவார்களா என்று கேட்கலாம். நான் வியாபாரக்காரி. கொழும்பில் மொத்தமாகத் துணி எடுக்கப் போனால் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு கட்டு முழுவதற்கும் விலை பேசுகிறவள். ஒரு நூலுக்கே அவ்வளவு கதைக்கிற எனக்கு, இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் விடுவேனா? மனதுக்குள் விலை அப்போதே சரியத் தொடங்கிவிட்டது.

என் கணவர் அப்படியில்லை. உப்பு ஏற்றும் லொறிகளுக்குக் கணக்கு எழுதுகிற மனிதர். எதையும் நடந்து முடிந்த நட்டமாகவே பார்த்துப் பழகியவர். வீட்டுக்கு வந்து அறிக்கையை வாசித்தவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"இது வீடில்ல, நோயாளி. விட்டுப் போடுவம்" என்றார்.

"விடுறதா? நோயாளிக்குத்தான் மருந்து எழுதித் தந்திருக்கே! இது எங்கட கையில கிடைச்ச ஆயுதம்" என்றேன்.

வீட்டை நான் எப்படி விடுவேன். என் உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். நான் பிறந்தது புத்தளத்தில், தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலில். பிறகு தில்லையடியில் வாடகை வீடு, அதன் பிறகு இன்னொரு வாடகை வீடு. நாங்கள் இருந்த எந்த வீட்டிலும் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கடல் நீர் புகும் களப்புப் பக்கத்தில் விற்பனைக்கு வந்த இந்த வீட்டைப் பார்த்த முதல் நாளே, அதன் பின்பக்கத்துக் குசினியில் நின்றபோது, இங்கே நான் ஆணி அடிப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நீளமான குசினி அது. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். களப்புக் காற்று நேரே உள்ளே வந்து அடுப்பங்கரையைத் தடவிப் போகும். அந்த வீட்டில் எனக்கு வேண்டியதே அந்தக் குசினிதான்.

விலையை வாயால் பேசியிருந்தோம், முற்பணம் கொடுக்கவில்லை. எஞ்சினியர் பார்த்த பிறகுதான் முடிவு என்று விற்கிற ஹாஜியாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட விலைக்கு வாங்கினால் வங்கிக் கடனும் எங்கள் சேமிப்பும் அத்தோடு சரி. திருத்த வேலைக்கு ஒரு சதமும் மிஞ்சாது. அதனால் விலை குறைந்தால் வீடு, குறையாவிட்டால் மறுபடியும் வாடகை.

நான் எல்லாப் பிழைகளையும் தூக்கிக்கொண்டு போகத்தான் நின்றேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போமென்று எஞ்சினியருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் சிரித்தார்.

"அறிக்கை நீளமா இருக்கிறது எங்கட வேல அப்படி. கண்ணில பட்டதெல்லாம் எழுதுவம். நீங்க எல்லாத்தையும் கொண்டு போனா, அவர் சின்னப் பிழைகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பெரிய பிழையைத் தாண்டிப் போயிருவார். எது கூடச் செலவு, எது ஆபத்து, எது முதல் தரம் பாக்கேக்க உங்கட கண்ணுக்குத் தெரியாதது எண்டு பாருங்க. அதுகள மட்டும் கதைங்க."

அவர் போனை வைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் மேசையில் அறிக்கையை விரித்து, சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு, சண்டை பிடிக்கத் தொடங்கினோம்.

வெளிறிய பூச்சு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, சொட்டுகிற குழாய் எல்லாவற்றையும் கணவர் முதலில் வெட்டினார். அவற்றை முதல் நாளே பார்த்தோம், பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னோம், இப்போது புதிதாகக் கண்டதுபோல் சொன்னால் வெட்கம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக வெட்டும்போது என் கடைச் சாமானை யாரோ சும்மா அள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஹோல் சுவரில் மயிரிழை போல ஓடிய வெடிப்புகளை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். அவை பூச்சில் மட்டும்தான், சுவரில் இல்லை என்று எஞ்சினியர் எழுதியிருந்த வரியைக் கணவர் விரலால் தொட்டுக் காட்டினார். விட்டேன். கறையான் ஒரே ஒரு குளியலறை நிலையில்தான், மருந்தடித்து நிலையை மாற்றினால் போதும். அதையும் விட்டேன். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருப்பது பெரிய பிழைதான். ஆனால் குடிக்கக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, கிணறும் குழியும் முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்தவை. அதைக் கடைசிவரை வாய்க்குள் வைத்திருப்போம், பேச்சு முறிகிற கட்டத்தில் மட்டும் எடுப்போம் என்று முடிவாயிற்று.

மிஞ்சியவை மூன்று.

ஒன்று, முன் விறாந்தைக்கு மேலே போட்டிருந்த கொங்கிரீட் தட்டு. அதன் மேல்தான் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. எஞ்சினியர் அடியில் சுத்தியலால் தட்டியபோது பாதி இடம் வெறும் பானை மாதிரிச் சத்தம் போட்டதாம். வெளி விளிம்பில் பூச்சு கழன்ற இடத்தில் கம்பி துருவேறி ஊதியிருந்தது. உப்புக் காற்று செய்கிற வேலை. கழுவாத மணலைப் போட்டுக் கட்டியிருந்தால் இன்னும் கெதியாக நடக்கும் என்றும் எழுதியிருந்தார். அதோடு, நடுவில் ஓர் இடத்தில் அண்மையில் புதிதாகப் பூசி வர்ணம் அடித்திருக்கிறது, அதைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்பது நல்லது, அதுவரை அதன் கீழ் ஆட்கள் இருக்க வேண்டாம் என்றும் ஒரு வரி. இரண்டாவது, மின்சாரம். எர்த் கம்பி பல இடங்களில் இல்லை. மின் கசிந்தால் தானாக அணைய வேண்டிய டிரிப் சுவிட்ச் வேலை செய்யாமல் அதைச் சுற்றி நேரே இணைத்திருந்தார்கள். மூன்றாவது, குசினி. அது பிறகு இணைத்துக் கட்டியது. பிரதேச சபை அனுமதித்த வீட்டு வரைபடத்தில் அப்படி ஒரு குசினியே இல்லை.

குசினியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். அனுமதி இல்லாத பகுதியை வங்கி மதிப்பீட்டில் கணக்கெடுக்கமாட்டார்கள், ஆகவே அதற்கு நாங்களும் விலை தரத் தேவையில்லை என்பது என் கட்சி. எந்தக் குசினிக்காக வீட்டையே கேட்டேனோ அதற்கே விலை தரமாட்டேன் என்கிற அளவுக்கு எனக்குள் வியாபாரம் ஏறியிருந்தது.

தட்டுக்கும் வயரிங்குக்கும் மேசன் பாஸிடமும் மின்சார வேலைக்காரரிடமும் செலவை எழுதி வாங்கினோம். வெறும் வாயால் குறை சொன்னால் அது முறைப்பாடு, செலவோடு சொன்னால்தான் பேரம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்றையும் சிவப்பால் வட்டமிட்டு கணவரின் கையில் கொடுத்தேன். "இதத் தவிர வேற ஒண்டும் கதைக்கப்படாது" என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஏனென்றால் அங்கே கதைக்கப் போவது அவர்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஆண்கள் ஹோலில், பெண்கள் திரைக்கு உள்ளே. நான் பொன்னான வாயை மூடிக்கொண்டு உள்ளே தேத்தண்ணி குடிக்க வேண்டும்.

போனோம். ஹாஜியார் வெள்ளைச் சாரனும் அத்தர் வாசமுமாய் வரவேற்றார். நீண்ட காலம் சவூதியில் வேலை பார்த்தவர். மகனோடு கொழும்பில் போய் இருக்கத்தான் வீட்டை விற்கிறார். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போனார். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. நான் அவரை மாமி என்று கூப்பிட்டேன். வட்டிலப்பம் வைத்தார். ஜன்னல் முழுக்கக் காற்று. ஹோலில் பேசுவது திரைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் விடாமல் கேட்டது.

என் கணவர் சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, தொண்டையைச் செருமினார். பிறகு, மரியாதை கூடிப்போய், "நீங்களே பாருங்க ஹாஜியார்" என்று அறிக்கை முழுவதையும் அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

நான் திரைப் பக்கம் திரும்பினேன். நுணல் தன் வாயால் கெடும், என் மனிதர் தன் கையால் கெட்டார்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். எஞ்சினியர் வீட்டைப் பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவர். முதல் பக்கம் முழுக்கக் குசினி. "குசினிச் சுவரில் ஈரம். குசினித் தரையில் சரிவு பிழை. புகைபோக்கி உயரம் போதாது. அனுமதி பெறாத கட்டடம்..." ஒவ்வொன்றையும் ருசித்து ருசித்து வாசித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமலே, "தம்பி, இது பழைய வீடுதானே, குசினி எண்டா ஈரம் இருக்கும்தானே" என்று பதிலும் சொல்லத் தொடங்கிவிட்டார். எஞ்சினியர் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் என் எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கவலை பறந்துபோய் வேறு கவலை வந்தது. மாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ட குசினியையா பிழை சொல்ல வந்தீங்க?"

நான் வாயெடுக்குமுன்னே அவரே தொடர்ந்தார்.

"இவர் சவூதில இருக்கேக்க நான் தனிய நிண்டு கட்டின குசினி. வாப்பா போட்ட வளையல வித்துக் கட்டினது. பிளான் கீறுற ஒருத்தனக் கூப்பிட்டன். புருஷன் வரட்டும் பாப்பம் எண்டான். காணி என்ட பேரில, என்ட சீதனம், புருஷன் என்னத்துக்கு எண்டு கேட்டு அனுப்பிட்டன். பிளானும் இல்ல ஒண்டும் இல்ல, மேசனுக்குப் பக்கத்தில நிண்டு நானே கட்டுவிச்சன்." திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இஞ்சேருங்க, வாசிச்சது போதும். வீட்ட இவங்களுக்குக் குடுக்கிற கதைய விடுங்க."

ஹோலில் வாசிப்பு நின்றது. 'காணி என்ட பேரில' என்றாரே. காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை நானே வாசித்திருந்தேன், நொத்தாரிசிடம் காட்டியிருந்தேன், அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்ததையும் பார்த்திருந்தேன். இருந்தும் பேரம் முழுவதையும் ஹாஜியாரோடு பேசத்தான் ஆயத்தமாகியிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் என் முன்னால் வட்டிலப்பம் வைத்துக்கொண்டிருந்தார். கோபம் என் மேலேதான் வந்தது. கூடவே ஒரு துடிப்பும் வந்தது. இந்தப் பேரத்தில் நான்தான் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"மாமி, இந்தக் குசினி இல்லாட்டி எனக்கு இந்த வீடே வேணாம்" என்றேன். "முதல் நாள் இதுக்குள்ள வந்து நிண்டு, இதுக்காகத்தான் இவர வற்புறுத்தினன். குசினிக்கு ஒரு சதம் குறைக்க வேணாம். நான் குறை சொல்ல வந்தது வேற."

"என்ன வேற?"

கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்தேன். விறாந்தைத் தட்டின் விளிம்பு, ஊதிப் பிளந்த துருக்கம்பி. "இது உங்கட முன் விறாந்தை. மேல தண்ணித் தாங்கி."

மாமி கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அடுத்த படம், புதிதாகப் பூசிய இடம். அதைப் பார்த்ததும் அவருடைய விரல் நின்றது.

"இது என்ட கதிரைக்கு நேர மேல" என்றார். "அசர் தொழுகைக்குப் பிறகு நான் குர்ஆன் ஓதுற இடம். போன மாசம் பூசேக்க, என்னத்துக்கெண்டு கேட்டன். ஒண்டுமில்ல, கறைதான் எண்டார்."

நான் எஞ்சினியரின் வரியை வாசித்துக் காட்டினேன். உடைத்துப் பார்க்கும்வரை அதன் கீழ் ஆட்கள் இருக்க வேண்டாம்.

மாமி எழுந்தார். திரையை விலக்கவில்லை, அதன் அருகே போய் நின்றார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் என் கடை முழுவதையும் எழுதித் தருகிறேன் என்றாலும் அந்தக் குரல் எனக்கு வராது.

"ஐப மறைச்சா விக்கப் பாத்தீங்க?" ஐபு என்றால் குறை. விற்கிற பொருளின் குறையைத் தெரிந்துகொண்டே மறைத்தால் அந்தக் காசில் பரக்கத், இறைவனின் அருள், இல்லை என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். "அந்தப் புள்ளையளுக்கு மறைச்சது இருக்கட்டும். நான் அதுக்குக் கீழ குந்தி ஓதிட்டிருந்தன். எனக்கும் மறைச்சீங்களே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஹாஜியார், "பயப்படுவாய் எண்டுதான்..." என்று மெதுவாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். பயம் அவருக்கும் இருந்திருக்கும். ஓர் அகப்பை சீமெந்தில் அதைப் பூசி மூடிவிட்டார்.

"மேசன் பாஸ் என்ன எழுதித் தந்திருக்கார்?" என்று மாமி என்னைக் கேட்டார். தட்டின் செலவைச் சொன்னேன். வயரிங் செலவையும் சொன்னேன். டிரிப் சுவிட்சைச் சுற்றி நேரே இணைத்திருப்பதை விளக்கினேன். தன் கையாலேயே அந்தச் சுவிட்சை எத்தனையோ தரம் போட்டதை நினைத்தோ என்னவோ, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டையும் கழிங்க" என்றார் திரைக்கு அப்பால் இருந்த ஹாஜியாரிடம். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பேரம் முடிந்தது. கிணற்றுக் கதையை நான் எடுக்கவே தேவைப்படவில்லை. ஹோலில் என் கணவர் எந்தத் திசையில் பார்ப்பது என்று தெரியாமல் அறிக்கையை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. வீடு! எங்கள் வீடு!

குதிக்கவில்லை. குசினியின் பிழை இன்னும் அப்படியே கிடந்தது. வங்கி அதைக் கட்டாயம் கேட்கும்.

"மாமி, ஒண்டு மட்டும் கேக்கட்டா? காசில்ல" என்றேன். "குசினிக்கு இப்ப பிளான் கீறி, சபையில கட்டணமும் தண்டமும் கட்டி அனுமதி எடுக்கலாமாம். செலவு எங்கட. ஆனா உறுதி எழுத முதல் விண்ணப்பிக்கிறதெண்டா காணிக்காரர்தான் கையெழுத்துப் போடணும்."

"காணிக்காரர்" என்று அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னார். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார். "சாப்பிடுங்க மகள்."

தண்ணீர்த் தாங்கியை அடுத்த நாளே கீழே இறக்கினார்கள். மாமியின் கதிரை அதற்கு முன்பே, நாங்கள் விடைபெறும்போதே, குசினி ஜன்னலடிக்குப் போய்விட்டது. பிறகு விற்பனை ஒப்பந்தம் எழுதி முற்பணம் கொடுத்தோம். குசினிக்கு அனுமதி எடுத்த பிறகுதான் உறுதி எழுதுவது என்று அதில் ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். வரைபடம் கீறுகிறவரை இந்தத் தரம் நான் கூட்டிப்போனேன். வந்தவர் நாடாவால் அளந்து முடித்துவிட்டு, "வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டார். "நான்தான்" என்று மாமியும் நானும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

வரைந்த தாள் வந்த அன்று மாமி அதைக் குசினி மேசையில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. எது எது என்று கேட்டார். இது ஹோல், இது அறை என்று காட்டிக்கொண்டு வந்தேன். பின்பக்கத்தில் நீளமாய் ஒரு பெட்டி, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல் கோடு. கீழே, காணி உரிமையாளர் என்ற இடத்தில், அவருடைய பெயர்.

"இதா என்ட குசினி?"

"ஓம் மாமி."

அந்தப் பெட்டியின் நாலு பக்கமும் விரலை ஓட்டினார். பேனையை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக, அவசரமே இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"பாருங்க மகள்" என்றார் சிரித்துக்கொண்டு. "குடுத்துட்டுப் போற நேரத்திலதான் முழு வீடும் என்ட பேருக்கு வந்திருக்கு."

சிரிப்பு முடியுமுன்னே அவருடைய கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அவர் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து போய் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.